பேர மாத்தினா மட்டும் போதுமா? உண்மைச் சம்பவத்துல இருந்து டாக்குடிராமா சீன் எழுதுறது எப்படி

முதல் தடவ டாக்குடிராமா எழுதுறவங்க நெறைய பேர் பண்றது என்னன்னா, நடந்தத அப்படியே எழுதிட்டு கடைசியா ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு சரஸ்வதிய லட்சுமியா மாத்திடுவாங்க, அவ்வளவுதான், ஆள மறைச்சாச்சுன்னு நிம்மதியா தூங்கப் போயிடுவாங்க. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்த வச்சு ஒரு 25 நிமிஷப் படத்துக்கு ஸ்க்ரிப்ட் எழுதினப்போதான் அது எவ்வளவு பெரிய தப்புன்னு புரிஞ்சுது, அந்த ஒரு சீன வச்சே மொத்தத்தையும் சொல்றேன்.

சம்பவம் இதான். டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரில இருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணி திறந்துவிட்டாங்க, அடையாறு கரைய தாண்டி ஊருக்குள்ள ஏறிச்சு. கரையோரமா ஒரு தெரு. தெருவுல 12 வீடு இருக்குற ஒரு மூணு மாடி அபார்ட்மெண்ட், அதுக்குப் பின்னாடி ஆத்தோரமா குடிசைங்க. தண்ணி இடுப்புக்கு வந்ததும் குடிசைல இருந்தவங்க குழந்தைகள தூக்கிக்கிட்டு அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வர்றாங்க, மொட்டை மாடிக்குப் போனா தப்பிச்சிடலாம், ஆனா மாடிக் கதவுல பூட்டு. சாவி எங்கன்னு யாருமே சரியா சொல்லல. கடைசியா பூட்ட உடைச்சுதான் மேல போனாங்க. யாரும் சாகல. ஆனா அந்த முக்கா மணி நேரத்த அந்தத் தெரு இன்னும் மறக்கல.

தெருப் பேரும் அபார்ட்மெண்ட் பேரும் இங்க எழுதப்போறதில்ல, வாட்ச்மேன், ஒரு வாடகை வீட்டுக்காரர், குடிசைல இருந்த ரெண்டு அம்மா, அப்போ அசோசியேஷன்ல இருந்த மூணு பேர்னு மொத்தம் ஏழு பேர்கிட்ட பேசினேன்னு மட்டும் வச்சுக்கங்க.

எழுதுறதுக்கு முன்னாடி ஒரு ஷீட்

எக்செல் போதும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வரி. யார் சொன்னது, அவங்க கண்ணால பாத்ததா இல்ல வேற யாராவது சொல்லிக் கேட்டதா, வேற எங்கயாவது பதிவாகி இருக்கா, படத்துல வைக்க அனுமதி இருக்கா, இந்த நாலு காலம்தான். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா நிரப்ப ஆரம்பிச்சா ஆச்சரியமா இருக்கும். "செக்ரட்டரி சாவிய வச்சுக்கிட்டே இல்லன்னு சொன்னார்"ங்கறத என்கிட்ட நாலு பேர் சொன்னாங்க, நாலு பேரும் கேள்விப்பட்டதுதான், பாத்தவங்க ஒருத்தர் கூட இல்ல. அந்த ஷீட் இல்லன்னா நாலு சாட்சி இருக்குன்னு நினைச்சு நான் அத சீன்ல வச்சிருப்பேன்.

இந்த ஷீட்ல பேர் எழுதாதீங்க. வா-1, கு-1, கு-2, அ-1ன்னு குறியீடு போடுங்க. எந்தக் குறியீடு யாருன்னு சொல்ற பட்டியல் ஒரே ஒரு இடத்துல, நோட்டுல கையால எழுதி வீட்ல வைங்க. டீம் ட்ரைவ் ஃபோல்டர்ல போடக்கூடாது, ஏன்னா அந்த ஃபோல்டர் லிங்க் எடிட்டர் அசிஸ்டெண்ட் வரைக்கும் போகும். பேட்டி ஆடியோ ஃபைல் பேரையும் பாருங்க, முதல் ரெண்டு வாரம் என் ஃபைல் எல்லாம் அந்தந்த ஆளோட பேர்லயேதான் சேவ் ஆகி இருந்துச்சு, ஷீட்ல குறியீடு போட்டு என்ன பிரயோஜனம்.

இதுலயே மாத்தவே கூடாதது எதுன்னும் குறிச்சுக்கங்க. தேதி, ராத்திரி நேரம், தண்ணி எங்கிருந்து வந்துச்சு, கரண்ட் இல்லங்கறது, ஃபோன் டவர் செத்துப்போனது, இதெல்லாம் ஊர் அறிஞ்ச விஷயம், இதுல கைய வச்சா டாக்குங்கற வார்த்தைக்கே அர்த்தம் இல்லாம போயிடும். மறைக்கறது ஆள, சம்பவத்த இல்ல.

யார மறைக்கணும், யார மறைக்க வேணாம்

எல்லாரையும் மறைக்கணும்னு இல்ல. ஒரு அதிகாரி தன்னோட பதவில இருந்து செஞ்சது, பொதுப் பதிவுல இருக்கறது, இத உண்மைப் பேரோட சொல்லலாம். இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கு, 1994ல சுப்ரீம் கோர்ட் சொன்ன ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு. ஆட்டோ சங்கர் ஜெயில்ல இருந்து எழுதின சுயசரிதைய நக்கீரன் போடப்போறாங்கன்னு தெரிஞ்சு ஜெயில் அதிகாரிங்க தடுக்கப் பாத்த கேஸ். கோர்ட் சொன்னத சுருக்கமா சொன்னா: ஒருத்தரோட குடும்பம், கல்யாணம், பிள்ளைங்க மாதிரி சொந்த வாழ்க்கைய அவர் சம்மதம் இல்லாம எழுதக்கூடாது, எழுதினா அது நல்லதா கெட்டதா உண்மையாங்கறது பேச்சில்ல, ஆனா கோர்ட் பதிவு உள்பட பொதுப் பதிவுகள்ல இருக்கறத வச்சு எழுதலாம், அரசு ஊழியர் தன் வேலைல செஞ்சத எழுதினா அந்தரங்கம்னு சொல்லிக்கிட்டு வரமுடியாது, வேணும்னே பொய்யாவோ உண்மையான்னு பாக்காம அலட்சியமாவோ எழுதியிருந்தா மட்டும் வேற கதை.

இத நம்ம சீனுக்குப் போட்டுப் பாருங்க. ஏரிய திறந்தது அரசோட முடிவு, பதிவு இருக்கு. அபார்ட்மெண்ட் செக்ரட்டரி யாரு? தனி ஆளு. அவர் மேல எந்த கேஸும் இல்ல, எந்தப் பதிவும் இல்ல. இருக்கறது தெரு வாய்ப்பேச்சு மட்டும்தான். அப்போ அவர் மறைக்கவேண்டியவர். நம்ம கோவம் அவர் மேலதான் அதிகமா இருக்கும், ஆனா சட்டப்படி பாதுகாப்பு அதிகமா இருக்கறதும் அவருக்குத்தான், இது புதுசா எழுதுறவங்களுக்கு ஜீரணிக்க கஷ்டம்.

அவதூறு பத்தி ஒரு விஷயம். பழைய ஐபிசி 499, இப்போ 2024 ஜூலைல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 356. இதுல "உண்மைதானே சொன்னேன்"ங்கறது மட்டும் போதாது, உண்மையாவும் இருக்கணும், அத வெளிய சொல்றது பொது நன்மைக்காகவும் இருக்கணும். செத்துப்போனவர்னாலும் கொஞ்சம் யோசிங்க, அவர் உயிரோட இருந்திருந்தா அவர் மானம் போயிருக்கும், சொன்னதும் குடும்பத்த நோகடிக்கற நோக்கத்தோடன்னா அதுவும் அந்தப் பிரிவுக்குள்ள வரும். அப்புறம் உங்க சம்பவத்துல பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களோ, வழக்குல சிக்கின குழந்தைங்களோ இருந்தா இந்தக் கட்டுரை உங்களுக்குப் பத்தாது, அங்க பேர் மட்டும் இல்ல, ஆள அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளிய விடறது குற்றம், ஒரு வக்கீல் படிக்காம ஒரு வரிகூட ஷூட் பண்ணாதீங்க.

யாருகிட்ட இருந்து மறைக்கறோம்?

இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாத்தையும் மாத்திச்சு. மதுரைல உக்காந்து படம் பாக்குறவங்களுக்கு அந்த செக்ரட்டரி யாருன்னு எப்பவுமே தெரியப்போறதில்ல, நான் பேர மாத்தினாலும் மாத்தலன்னாலும். அவர் யாருன்னு தெரியறது அந்தத் தெருவுக்கும், அவர் ஆபீஸுக்கும், அவர் மாப்பிள்ளை வீட்டுக்கும்தான். அவருக்கு மானம் போறதும் அங்கதான். அந்தத் தெருக்காரங்களுக்கு பேரே தேவையில்ல, "2015ல செக்ரட்டரி"ன்னாலே முடிஞ்சுது. அதனால பேர் மாத்தறதால பலன் ரொம்பக் குறைவு. ஆள காட்டிக்கொடுக்கறது பதவி, இடம், உறவு, அந்த ஒரு சம்பவம், இது நாலும் ஒண்ணா சேர்றதுதான். நாலுல குறைஞ்சது ரெண்ட உடைக்கணும்.

பேர மாத்தியும் மாட்டிக்கிட்ட பழைய கதை ஒண்ணு இருக்கு. 1932ல எம்ஜிஎம், ரஷ்ய அரச குடும்பத்துக்கு நெருக்கமா இருந்த சாமியார் ரஸ்புடின் பத்தி ஒரு படம் எடுத்தாங்க. அதுல நடாஷான்னு ஒரு கற்பனை இளவரசி, ரஸ்புடின் அவங்கள கெடுத்துட்டதா காட்டினாங்க. ரஸ்புடின கொன்னவர் ஃபெலிக்ஸ் யூசுபோவ்னு ஊருக்கே தெரியும், படத்துல கொல்றவரோட ஜோடி நடாஷா, அப்போ பாக்குறவன் நடாஷாவ யாருன்னு நினைப்பான்? யூசுபோவோட மனைவி இரினான்னுதான். இரினா லண்டன்ல கேஸ் போட்டு 1934ல 25,000 பவுண்ட் வாங்கினாங்க. "இதில் வரும் பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே"ன்னு இப்போ எல்லாப் படத்துலயும் வர்ற அந்த கார்டு பரவினதே இதுக்கு அப்புறம்தான். கவனிங்க, பேர் வேற, பாத்திரம் கற்பனை, ஆனா உறவு ஒண்ணு அப்படியே இருந்துச்சு, அது போதுமானதா இருந்துச்சு.

காம்போசிட் கேரக்டர் கட்டுறது

காம்போசிட்னா பல பேர ஒரே கேரக்டரா சேக்கறது. செர்னோபில் சீரியல்ல வர்ற உலானா கோம்யுக் விஞ்ஞானிய பாத்திருப்பீங்க, அப்படி ஒருத்தங்க கிடையாது, கதையோட நாயகன் லெகாசோவுக்கு உதவின பல விஞ்ஞானிகளுக்கு பதிலா ஒருத்தங்கள வச்சாங்க, கடைசில கார்டு போட்டு அதையும் சொல்லிட்டாங்க. இதுல ஏன் பிரச்சனை வரலன்னா, சேத்தவங்க எல்லாரும் ஒரே பக்கம் நின்னவங்க, செஞ்ச வேலையும் ஒரே மாதிரி.

நான் குடிசைல இருந்த ரெண்டு அம்மாவ (கு-1, கு-2) சேத்து செல்வின்னு ஒரு கேரக்டர் பண்ணேன். கு-1 கைல ரெண்டு வயசுக் குழந்தையோட கேட்டுல நின்னவங்க. கு-2 தையல் மெஷின் மேல்பாகத்த மட்டும் கழட்டி தலைல வச்சு தூக்கிட்டு வந்தவங்க. எனக்கு அந்த மெஷின் ரொம்பப் பிடிச்சுப்போச்சு, தண்ணிக்குள்ள தலைல மெஷினோட ஒரு பொம்பள, எந்த டைரக்டர் விடுவான். ஆனா அந்தத் தெருவுல தையல் தெரிஞ்சது அவங்க ஒருத்தங்கதான். அப்போ செல்வி கைல எந்தக் குழந்தைய கொடுத்தாலும், என்ன பேர் வச்சாலும், அது கு-2 தான்.

சரி மெஷின மாத்திடலாம்னு இஸ்திரிப் பெட்டி வச்சேன். ஸ்க்ரிப்ட்ட படிச்ச வாட்ச்மேன் அண்ணன் சிரிச்சார், "தம்பி, முனைல தேய்க்கறாரே அவர் சம்சாரமா இது?"ன்னார். நான் ஒருத்தர மறைக்கப்போய் சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர உள்ள இழுத்து விட்டிருக்கேன். இது அடிக்கடி நடக்கும்.

அப்போ என்ன பண்றது? அந்தப் பொருள் சீன்ல என்ன வேலை செய்யுதுன்னு கேளுங்க. மெஷின் சொல்ற விஷயம் "பொழப்ப தூக்கிட்டு வர்றா, உயிருக்கு அப்புறம் அதான் பெருசு". அதே எடை உள்ள, ஆனா நூறு பேர் தூக்கிட்டு வந்திருக்கக்கூடிய வேற பொருள் வேணும். கடைசில ரேஷன் கார்டும் பிள்ளையோட டிசியும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ரவிக்கைக்குள்ள சொருகி இருக்கறதா வச்சேன். அந்த வெள்ளத்துல எத்தனையோ பேர் சர்ட்டிபிகேட்ட பறிகொடுத்து அப்புறம் அரசாங்கம் தனியா கேம்ப் போட்டு நகல் கொடுத்தாங்க, அதனால இது யாரோட கதையும் இல்ல, எல்லாரோட கதையும்தான். மெஷின் அளவுக்கு கண்ணுக்கு இல்லதான். ஆனா நனைஞ்ச கவர பிரிச்சுப் பாக்குற ஒரு ஷாட் கிடைச்சுது, அது மெஷின்ல கிடைச்சிருக்காது.

சேக்கக்கூடாதது ரெண்டு இருக்கு. ஒண்ணு, வேற வேற இடத்துல நின்னவங்கள. முதல் மாடி வாடகை வீட்டுக்காரரும் அந்த ராத்திரி பயந்தார், பொருள இழந்தார், அவரையும் செல்வியையும் சேத்து "பாதிக்கப்பட்டவர்"னு ஒரு கேரக்டர் பண்ணிடலாமான்னு ப்ரொடியூசர் கேட்டார், ஒரு நடிகர் சம்பளம் மிச்சம். ஆனா அவர் கேட்டுக்கு உள்ள, செல்வி கேட்டுக்கு வெளிய. அந்த கேட்டுதான் சீனே. ரெண்டு பேர ஒண்ணாக்கினா கேட்டே காணாம போயிடும். ரெண்டாவது, தப்பு செஞ்சவங்கள. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், கொஞ்சம் விரிவா சொல்றேன்.

வில்லன சேக்கும்போது நடக்கற விபத்து

அசோசியேஷன்ல மூணு பேர். அ-1 செக்ரட்டரி, சாவி கிடைக்கல தேடுறேன்னு சொன்னார், அப்புறம் அவரேதான் பூட்ட உடைங்கன்னும் சொன்னாராம் (இத வாட்ச்மேன் நேர்ல கேட்டிருக்கார்). அ-2 "மேல விட்டா அப்புறம் இறக்க முடியாது"ன்னு சொன்னத அவரே என்கிட்ட ஒத்துக்கிட்டார், பத்து வருஷம் ஆச்சு, இப்போ வெக்கமா இருக்குன்னார். அ-3 கதவத் தட்டினப்போ திறக்கவே இல்ல.

என் முதல் டிராஃப்ட்ல மூணு பேரையும் சேத்து "செக்ரட்டரி ராமநாதன்"னு ஒருத்தர். அவர் சாவிய ஒளிச்சு வைக்கறார், அந்த வசனத்த சொல்றார், கதவையும் சாத்திக்கறார். டிராமா சூப்பர். ஆனா யோசிங்க, தெருக்காரங்க படத்த பாத்தா ராமநாதன யாருன்னு நினைப்பாங்க? அ-1ஐ. ஏன்னா பதவி அவரோடது. அப்போ மூணு பேர் செஞ்ச தப்பும் ஒருத்தர் தலைல, அதுவும் கடைசில பூட்ட உடைக்கச் சொன்னவர் தலைல. நல்லவங்கள சேத்தா ஒருத்தருக்கு கிடைக்காத பேர் கிடைக்கும், பெருசா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. கெட்டத சேத்தா, யாரு சாயல் அதிகமோ அவர் செய்யாததுக்கும் அவர்தான் பழி சுமக்கணும். பேர மாத்தினோம்ங்கறதே அப்போ நமக்கு எதிரா திரும்பும், அவரைப் பத்தி புதுசா ஒரு பொய்ய நாமளே எழுதி இருக்கோமே.

நான் வச்சிக்கிட்ட கணக்கு இது. காம்போசிட் கெட்டவர், அதுல சேந்த யாரு செஞ்சதையும் விட அதிகமா ஒண்ணு செய்யக்கூடாது. ஷீட்ட எடுத்து அந்தக் கேரக்டரோட ஒவ்வொரு செயலுக்கும் நேரா எந்தக் குறியீடுன்னு எழுதுங்க. மூணு குறியீடு வந்தா அவர உடைங்க.

உடைச்சா சீன் நீர்த்துப்போயிடும்னு பயந்தேன். தீர்வு அந்த ராத்திரிலயே இருந்துச்சு. கரண்ட் இல்ல. படிக்கட்டு இருட்டு. பேட்டில கு-1 சொன்னது திரும்ப ஞாபகம் வந்துச்சு, "குரல்தான் கேட்டுச்சு, யாருன்னு மூஞ்சி தெரியல". சம்பவமே ஆள மறைச்சு வச்சிருந்துச்சு, நான்தான் லைட் போட்டு ஒரு வில்லன நிக்க வச்சிருக்கேன். ரெண்டாவது டிராஃப்ட் இப்படி வந்துச்சு:

> *படிக்கட்டு. இருட்டு. கீழே தண்ணீர் அலம்பும் சத்தம். செல்வியின் தோளில் குழந்தை. ஒரு டார்ச் வெளிச்சம் மேலிருந்து அவள் முகத்தில் விழுகிறது, பிடித்திருப்பவர் தெரியவில்லை.*
>
> செல்வி: சார், மாடிய தொறந்து விடுங்க சார். புள்ளைங்க மட்டுமாவது.
>
> குரல் 1 (மேலே): சாவி தேடுறாங்கம்மா. இரு.
>
> குரல் 2 (இன்னும் மேலே, தணிந்து): இப்ப ஏத்துனா அப்புறம் எறக்க முடியுமா?
>
> *பதில் இல்லை. எங்கோ ஒரு தாழ்ப்பாள் போடும் சத்தம். டார்ச் அணைகிறது.*
>
> *செல்வி ஒரு படி ஏறி நிற்கிறாள். தண்ணீரும் ஒரு படி ஏறுகிறது.*

செக்ரட்டரிங்கற பதவியே சீன்ல இல்ல. மூணு செயலும் இருக்கு, மூணும் தனித்தனி ஆள்கிட்ட இருந்து. அ-2 சொன்ன வசனத்த அப்படியே வைக்கல, கருத்து மட்டும், ஏன்னா அந்த வார்த்தைகள அன்னைக்கு கேட்டவங்க இன்னும் அந்தத் தெருவுல இருக்காங்க.

வார்த்தைக்கு வார்த்தை எடுக்கறது ஆன்லைன்ல எழுதினதா இருந்தா இன்னும் ஆபத்து. 2024ல நெட்ஃபிளிக்ஸ்ல பேபி ரெயின்டீர் வந்தப்போ அந்தப் பொம்பள கேரக்டருக்கு பேர் எல்லாம் மாத்திதான் இருந்துச்சு, ஆனா பழைய பதிவுகள்ல இருந்த வார்த்தைகள வச்சு ஜனங்க சில நாள்லயே இவங்கதான்னு ஒருத்தங்கள தேடிப் புடிச்சிட்டாங்க, அவங்க நெட்ஃபிளிக்ஸ் மேல கேஸ் போட்டாங்க. அதனால ஃபேஸ்புக் போஸ்ட், வாட்ஸப் ஃபார்வர்ட், இதுல இருந்து ஒரு வரி எடுத்தாலும் அத தேடல்ல போட்டுப் பாருங்க, அசல் ஆள் வந்து நின்னா அந்த வரிய புதுசா எழுதுங்க.

பேர் வைக்கறது

இவ்வளவுக்கு அப்புறம்தான் பேர். வயசுக்குப் பொருந்தணும், 55 வயசு குடிசைப் பகுதி அம்மாவுக்கு அனன்யான்னு வைக்க முடியாது. அசல் பேரோட முதல் எழுத்து வேணாம், எதுகை வேணாம், கணவர் பேர், ஊர்ப் பேர்ல இருந்து எடுக்காதீங்க (எடுக்கத் தோணும், எனக்கு எப்பவும் தோணும்). அப்புறம் அந்தத் தெருவுல அந்தப் பேர்ல வேற யாராவது இருக்காங்களான்னு அந்த ஊர் ஆள் ஒருத்தர்கிட்ட கேளுங்க. செல்விக்கு நான் முதல்ல வச்ச பேர்ல பின்தெருவுல ரெண்டு பேர் இருந்தாங்க.

நம்ம ஊர்ல பேர் சும்மா பேர் இல்ல, சாதியும் மதமும் ஒட்டிக்கிட்டே வரும். ஒருத்தர மறைக்க வேற பேர் வச்சா அது இன்னொரு சமூகத்து மேல கை நீட்டற மாதிரி ஆயிடலாம். ஜெய் பீம் (2021) படத்துல எஸ்ஐ கேரக்டருக்கு வச்ச பேரும், அவர் வீட்டு சுவத்துல இருந்த காலண்டர்ல ஒரு சமூகத்தோட சின்னமும் எவ்வளவு பெரிய சண்டை ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும், அந்தக் காலண்டர் ஷாட்ட அப்புறம் மாத்தவேண்டி வந்துச்சு. அதனால பேரோட நிறுத்தாதீங்க, செட்ல மாட்டற காலண்டர், நெத்தில என்ன, வண்டி கண்ணாடில என்ன ஸ்டிக்கர், இதெல்லாம் ஆர்ட் டிபார்ட்மெண்ட் சும்மா கைக்கு கிடைச்சத மாட்டுவாங்க, நீங்கதான் பாக்கணும். அதே சமயம், கொடுமை நடந்ததுக்கே சாதிதான் காரணம்னா அத பொதுவான பேர் வச்சு வழிச்சுப் போடறதும் பொய்தான். அங்க பேர் மறைச்சு சாதிய மறைக்காம எழுதணும்.

தெருக்காரர் டெஸ்ட்

ஸ்க்ரிப்ட் முடிஞ்சதும் அந்த இடத்த நல்லாத் தெரிஞ்ச, ஆனா சீன்ல இல்லாத ரெண்டு பேர்கிட்ட கொடுங்க. "எப்படி இருக்கு"ன்னு கேக்காதீங்க. "இது யாரு?"ன்னு ஒவ்வொரு கேரக்டரா கேளுங்க. ஒரே ஒரு பேர டக்குனு சொன்னா தோத்துட்டீங்க. "இவரா இருக்கும், இல்ல அவரா"ன்னு ரெண்டு மூணு பேர் வந்தா ஓரளவு சரி, அந்த ரெண்டு மூணு பேர்ல சம்பந்தமே இல்லாதவர் யாராவது மாட்டறாரான்னும் பாருங்க, இஸ்திரிக்காரர் கதை மாதிரி.

டெஸ்ட்ல எனக்கு மாட்டினது வாட்ச்மேன். ஒரு பில்டிங்குக்கு ஒரே வாட்ச்மேன், அவர எதோட சேத்தாலும் அவர்தான். இப்படி ஒத்த ஆள் இருக்கற இடத்துல காம்போசிட் வேலை செய்யாது. அவர் பூட்ட உடைச்சவர், நல்லதுதானே பண்ணார், காட்டினா என்னன்னு எனக்குத் தோணுச்சு. ஆனா அவர் இப்போ வேற அபார்ட்மெண்ட்ல வேலை பாக்குறார், "பூட்ட உடைச்சவன்னு தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும் தம்பி"ன்னார். நமக்கு ஹீரோயிசம், அவருக்கு சம்பளம். அதனால பூட்ட உடைக்கறத காட்டல, சத்தம் மட்டும், மேல இருந்து மூணு தடவ இரும்பு மோதற சத்தம், அப்புறம் கதவு திறந்து மழைக்காத்து படிக்கட்டுல இறங்குது. செல்வி நிமிந்து பாக்குறா. யார் உடைச்சதுன்னு அவளுக்கும் தெரியாது.

பேட்டி கொடுத்தவங்களுக்கு அவங்க பகுதிய படிச்சுக் காட்டுங்க, தமிழ்ல, வாய்விட்டு, ஸ்க்ரிப்ட்ட கைல கொடுத்துட்டு கையெழுத்து வாங்கறது இல்ல. கு-2 முழுசும் கேட்டுட்டு "மெஷின எடுத்துட்டியா?"ன்னாங்க. ஏன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் சரின்னாங்க. அவங்களுக்கு அது வேணும்னு இருந்திருக்கு, தெரியுது. வேணும்னா உங்க பேரோடயே, உங்க சம்மதத்தோட, மெஷினோட வைக்கலாம்னு சொல்லிப் பாத்தேன், வீட்ல கேட்டு சொல்றேன்னாங்க, மறுநாள் வேணாம்னுட்டாங்க. இந்த வழியும் இருக்குங்கறத அவங்கள கேக்கணும், நாமளே முடிவு பண்ணிடக்கூடாது.

கார்டும் அதுக்கு அப்புறமும்

"இது உண்மைக் கதை"ன்னு மட்டும் போடாதீங்க. பேபி ரெயின்டீர் கேஸ்ல அந்த ஒரு வரிதான் பெரிய தலைவலி ஆச்சு, உண்மைன்னு அவங்களே சொல்லிட்டு உள்ள மாத்தி வச்சிருந்தாங்க, 2024 செப்டம்பர்ல அவதூறு பகுதிய தள்ளுபடி பண்ணாம ஜட்ஜ் கேஸ மேற்கொண்டு நடத்த விட்டுட்டார். அதே மாதிரி "எல்லாம் கற்பனையே"ன்னு போடறதும் வேணாம், டிசம்பர் 1னு தேதி போட்டு அடுத்த செகண்ட் கற்பனைன்னா யார் நம்புவா. எது உண்மை, எது மாத்தினது, ரெண்டையும் சொல்லுங்க. நான் போட்டது: "2015 டிசம்பர் 1 இரவு சென்னையில் நடந்த சம்பவங்களையும், அங்கே இருந்தவர்களின் பேட்டிகளையும் அடிப்படையாகக் கொண்டது. பெயர்கள், தொழில்கள், சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. செல்வி என்ற பாத்திரம் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் அனுபவங்களைச் சேர்த்து எழுதப்பட்டது." இந்தக் கார்டு போட்டா தப்பிச்சிடலாம்னு இல்ல, உள்ள ஆள் அப்பட்டமா தெரிஞ்சா எந்தக் கார்டும் காப்பாத்தாது, இரினா கேஸ மறக்காதீங்க.

அதே தெருவுல ஷூட் பண்ணாதீங்க. பக்கத்துலயும் வேணாம். கால்ஷீட்லயும் ஷூட்டிங் வாட்ஸப் குரூப்லயும் கேரக்டர் பேர்தான் இருக்கணும், "நிஜ செல்வி வீடு லொக்கேஷன்"னு மேனேஜர் ஒரு மேப் பின் போட்டா அத்தனை மாச வேலையும் போச்சு. நடிக்கறவங்க அசல் ஆள பாக்கணும்னு கேப்பாங்க, பாக்க வச்சா செல்ஃபி எடுப்பாங்க, ரிலீஸ் அன்னைக்கு அது இன்ஸ்டால இருக்கும், அதனால ஆடியோவ குரல மாத்தி கேக்க விடுங்க, போதும்.

கடைசியா நன்றி கார்டு. எடிட் எல்லாம் முடிஞ்சு எண்ட் டைட்டில் டைப் பண்ற பையன்கிட்ட நான் ரொம்ப பாசமா ஏழு பேர் பேரையும் நன்றின்னு எழுதிக் கொடுத்திருந்தேன், வாட்ச்மேன் அண்ணன் பேர்தான் முதல்ல. ரெண்டர் போடறதுக்கு முந்தின ராத்திரி கண்ணுல பட்டுச்சு. இப்போ அங்க "பெயர் சொல்ல விரும்பாத ஏழு பேருக்கு"ன்னு இருக்கு.